ஆண்டுக்குக் கணக்கு சரி, அக்டோபரில் கை காலி: ஒரு பீடித் தொழிலாளி மகளின் கல்லூரிச் செலவு

ஆலங்குளம் பக்கத்துக் கிராமம். அம்மா வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறார். அப்பாவுக்குக் கட்டட வேலை. பாட்டியும், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் தம்பியும் உண்டு. மகள், அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றின் சுயநிதிப் பிரிவில் பி.எஸ்சி. வேதியியல் படிக்கிறாள். அவளுடைய இரண்டாம் ஆண்டின் வரவு செலவுதான் இந்தக் கட்டுரை. நான் அவளுக்கு வகுப்பாசிரியை. குடும்பத்தின் சம்மதத்தோடு, பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறேன். தொகைகள் அந்தக் கல்லூரியில் அந்த ஆண்டுக்கு உரியவை. வேறு இடத்தில் கூடும், குறையும்.

முதல் ஆண்டுக்கும் இரண்டாம் ஆண்டுக்கும் இந்தக் குடும்பத்தின் வருமானம் மாறவில்லை. கல்லூரிக் கட்டணமும் பெரிதாக மாறவில்லை. ஆனால் முதல் ஆண்டில் கடன் வட்டிக்கே 2,100 ரூபாய் போனது, இரண்டாம் ஆண்டில் 300 தான். பணம் எந்தத் தேதியில் வேண்டும், எந்தத் தேதியில் வரும் என்பதைப் பார்த்துத் திட்டமிட்டதுதான் வித்தியாசம்.

முதல் ஆண்டில் நடந்தது

ஜூனில் சேர்க்கைக் கட்டணத்தை எப்படியோ புரட்டிக் கட்டினார்கள். முதல் பருவக் கட்டணத்தில் கொஞ்சம் பாக்கி நின்றது. "தீபாவளிக்குள்ள கட்டிருவோம்" என்று அலுவலகத்தில் சொல்லி வைத்திருந்தார்கள். அக்டோபரில் தேர்வுக் கட்டண அறிவிப்பு வந்தது. நவம்பர் தேர்வுக்கான பணத்தை அக்டோபரிலேயே கட்டியாக வேண்டும். எங்கள் பக்கம் அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். மழையில் சென்ட்ரிங் வேலையும் பூச்சு வேலையும் நிற்கும். வாரத்தில் இரண்டு நாள் வேலை கிடைத்தாலே பெரிது. ஈரத்தில் பீடி இலையும் சரியாக வராது. சரியில்லை என்று கழிக்கப்படும் பீடி அதிகமாகி அம்மாவின் வாரக் கூலியும் இறங்கும்.

ஆக, ஆண்டிலேயே வருமானம் மிகக் குறைந்த மாதத்தில்தான் தேர்வுக் கட்டணம் வந்து நிற்கிறது. அபராதம் இல்லாமல் கட்டும் தேதி போய்விட்டது. அபராதத்தோடு கட்டும் கடைசி நாளுக்கு முந்தின மாலை, ஊரில் ஒருவரிடம் 6,000 ரூபாய் அஞ்சு வட்டிக்கு வாங்கினார்கள். 100 ரூபாய்க்கு மாதம் 5 ரூபாய், அதாவது மாதம் 300 ரூபாய் வட்டி. அசலை மே மாதத்தில்தான் அடைக்க முடிந்தது. ஏழு மாத வட்டி 2,100 ரூபாய். இரண்டாம் ஆண்டில் இரண்டு பருவத்துக்கும் சேர்த்து அவள் கட்டிய தேர்வுக் கட்டணம் 2,520 ரூபாய்தான். வட்டிக்குப் போன பணத்திலேயே கிட்டத்தட்ட ஓராண்டின் தேர்வுக் கட்டணத்தை அடைத்திருக்கலாம்.

மே மாதத்தில் அவள் அம்மாவோடு உட்கார்ந்து பேசியபோது அவர் சொன்ன ஒரு வார்த்தையிலிருந்துதான் இரண்டாம் ஆண்டுத் திட்டம் பிறந்தது. "மழைக்காலத்துல கையில ஒண்ணும் நிக்காது டீச்சர். இதையே வைகாசில கேட்டிருந்தா குடுத்திருப்போம்லா."

உண்மைதான். கோடையில் கட்டட வேலை தொடர்ந்து இருக்கும். அப்போது கையில் மிஞ்சும் பணம் ஒரு விசேஷத்திலோ சில்லறைச் செலவிலோ கரைந்துவிடும். கல்லூரி அப்போது எதையும் கேட்பதில்லை, அதனால் வீட்டில் யாரும் கல்லூரிக்கென்று எடுத்து வைப்பதும் இல்லை.

ஆண்டுக்கு எவ்வளவு வேண்டும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உதவி பெறும் கல்லூரியில் இடம் கிடைத்தால் கட்டணம் குறைவு என்று நினைத்து வருகிறவர்கள் நிறையப் பேர். ஒரே வளாகத்தில், சில சமயம் ஒரே கட்டடத்தில், உதவி பெறும் பாடப்பிரிவும் சுயநிதிப் பாடப்பிரிவும் நடக்கும். உதவி பெறும் பிரிவில் இளநிலைப் பட்டத்துக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. சுயநிதிப் பிரிவில் முழுக் கட்டணம் உண்டு. சேரும் முன் விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு என்று பார்க்க வேண்டும். இவளுக்கு உதவி பெறும் பிரிவில் இடம் கிடைக்கவில்லை, அதனால் பருவத்துக்கு 10,000 ரூபாய்.

இரண்டாம் ஆண்டுக்கு நாங்கள் போட்ட செலவு இது. இரண்டு பருவக் கட்டணம் 20,000. ஆண்டுத் தொடக்கத்தில் அடையாள அட்டை, நாட்காட்டி, மன்றச் சந்தா என்று வாங்குவது 800. தேர்வுக் கட்டணம் நவம்பருக்கு 1,050, ஏப்ரலில் செய்முறைத் தேர்வுகளும் சேர்வதால் 1,350. முதல் பருவத்தில் விழுந்த துணைப்பாடக் கணித அரியருக்கு 120. புத்தகம் 1,100. ரெக்கார்டு நோட்டு, அப்சர்வேஷன் நோட்டு, வரைபடத் தாள் 700. ஜெராக்ஸ், பிரிண்ட் 1,400. சான்றிதழ்ச் செலவு, ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் உடைந்தால் கட்டும் பணம் போன்றவற்றுக்கு 300. மொத்தம் 26,820 ரூபாய். பேருந்துக்குத் தனியாக ஒன்றும் எழுதவில்லை. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் அந்தச் செலவு இல்லை.

வரவைப் பார்ப்போம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், ஆண்டுக்கு 12,000. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது நிற்காது. வீட்டிலிருந்து ஆண்டுக்கு 9,000 வரை தர முடியும் என்றார்கள். இரண்டும் சேர்த்து 21,000. இதற்கு மேல் ஒரு வழி இருந்தது. பீடித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர், வேலைவாய்ப்பு அமைச்சகம் தரும் கல்வி உதவித்தொகை. பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய். அதையும் சேர்த்தால் 27,000. செலவு போக 180 ரூபாய் மிஞ்சுகிறது.

காகிதத்தில் சரியாக வருகிறது. இங்கேயே கணக்கை மூடிவிடுகிற பழக்கம்தான் ஆபத்து. எல்லாவற்றையும் மாதம் 2,250 ரூபாய் என்று பன்னிரண்டாக வகுத்துப் பார்ப்பதும் உதவாது, ஏனென்றால் கல்லூரி மாதா மாதம் வாங்குவதில்லை. ஜூலையில் 10,800 கேட்கும், அக்டோபரில் 1,170 கேட்கும், ஜனவரியில் 10,000 கேட்கும். 6,000 ரூபாய் உதவித்தொகை எந்த மாதம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதை வரவிலேயே சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தோம். வந்தால் கடனை அடைக்க, வராவிட்டால் இல்லை. அப்படிப் பார்த்தால் ஆண்டுக் கடைசியில் 5,820 ரூபாய் துண்டு விழுகிறது.

தேதி வாரியாக எழுதிய கணக்கு

ஒரு பழைய நோட்டில் மே முதல் ஏப்ரல் வரை மாதத்துக்கு ஒரு பக்கம். மேலே கையிருப்பு, அடுத்து வரவு, கீழே அந்த மாதத்தில் எந்தத் தேதிக்குள் எது கட்ட வேண்டும் என்பது. பக்கத்தின் அடியில் மிச்சம். எந்தப் பக்கத்தில் மிச்சம் இல்லாமல் குறைகிறதோ அந்த மாதம்தான் பிரச்சினை. பிரச்சினை எந்த மாதம் என்று நான்கு மாதம் முன்னாலேயே தெரிந்தால் செய்வதற்கு வழி இருக்கிறது.

முதல் மாற்றம் வீட்டுப் பணத்தில். மாதம் 750 என்று சமமாகத் தருவதற்குப் பதிலாக, வேலை இருக்கும் மே, ஜூனில் 2,000, ஜூலை முதல் செப்டம்பர் வரை 1,000, மழை மாதங்களிலும் பொங்கல் மாதத்திலும் ஒன்றும் இல்லை, பிப்ரவரி, மார்ச்சில் மறுபடி 1,000 என்று வைத்தோம். ஆண்டுத் தொகை அதே 9,000. ஆனால் ஜூலை முடிவதற்குள் கையில் 8,000 ரூபாய் சேர்ந்துவிடுகிறது. பணத்தை வீட்டில் வைக்காமல், உதவித்தொகை வரும் அவளுடைய வங்கிக் கணக்கிலேயே போட்டார்கள். வீட்டில் இருந்தால் அடுத்த வீட்டுத் தேவைக்குக்கூடக் கைமாற்றாகப் போய்விடும் என்பதை அம்மாவே சொன்னார்.

இரண்டாவது, தவணை. பெரும்பாலான பெற்றோர் கடைசி நாள் தாண்டிய பிறகுதான் அலுவலகத்தில் வந்து நிற்பார்கள். அப்போது அது வெறும் கெஞ்சலாகிவிடுகிறது. நாங்கள் ஜூன் கடைசியிலேயே முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுத்தோம். "ஜூலை 15-க்குள் 6,000, செப்டம்பர் 30-க்குள் 3,000, நவம்பர் 10-க்குள் 1,000 கட்டுகிறோம்" என்று தொகையும் தேதியும் எழுதி, பெற்றோர் கையெழுத்தோடு. நிர்வாகத்துக்கு வேண்டியதும் அதுதான். எப்போது வரும் என்று தெரிந்தால் அவர்களுக்கும் சம்மதிப்பது எளிது. அனுமதி எழுதிய நகலை மாணவி கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அலுவலகத்தில் ஆள் மாறினால் வாய்ப் பேச்சு நிற்காது. கடைசித் தவணையைத் தேர்வுக்கு முன்னால் வைத்ததற்கும் காரணம் உண்டு: கட்டணப் பாக்கி இருந்தால் ஹால் டிக்கெட் கைக்கு வராது.

மூன்றாவது, தேர்வுக் கட்டணத்தைத் தனியாக ஒதுக்குவது. செப்டம்பர் தவணையில் 4,000 கட்டலாமே என்று முதலில் தோன்றியது, பணமும் இருந்தது. கட்டியிருந்தால் அக்டோபரில் 1,000 ரூபாய்தான் வந்திருக்கும், தேர்வுக்கு 1,170 வேண்டும். மறுபடி அதே பள்ளம். அதனால்தான் செப்டம்பரில் 3,000 என்று வைத்து, 1,000 ரூபாயைத் தேர்வுக்கென்று நிறுத்திக்கொண்டோம். கல்லூரிக் கட்டணத்துக்குத் தவணை கேட்கலாம். தேர்வுக் கட்டணத்துக்கு அப்படி இல்லை. அது பல்கலைக்கழகத்துக்குப் போகிற பணம். தேதி போனால் அபராதம், அதுவும் போனால் அந்தப் பருவத் தேர்வே போய்விடும், அத்தனை தாளும் அரியராகும். இரண்டில் எதை முதலில் கட்டுவது என்று வந்தால் தேர்வுக் கட்டணம்தான்.

அக்டோபரில் அறிவிப்பு வந்த மூன்றாம் நாள் கட்டிவிட்டாள். நவம்பர் கடைசியில் எல்லாம் போகக் கையில் சில நூறு ரூபாய் நின்றது. மழை அந்த ஆண்டும் பெய்தது, அப்பாவுக்கு வேலையும் இல்லை. ஆனால் வீட்டிலிருந்து ஒரு ரூபாய்கூடக் கேட்க வேண்டி வரவில்லை.

ஜனவரி

இந்த மாதத்தை எப்படித் திருப்பிப் போட்டாலும் கடனில்லாமல் கடக்க முடியாது என்பது ஜூனிலேயே நோட்டில் தெரிந்துவிட்டது. டிசம்பர் மிச்சமும் ஜனவரி உதவித்தொகையும் சேர்த்து 2,500 சுமாருக்குத்தான் இருக்கும். கட்டணம் 10,000. தவணையாகப் பிரித்தாலும் ஏப்ரல் வரை வரும் பணம் போதாது.

கடன் வாங்குவது உறுதி என்றால் யாரிடம், எப்போது என்பதை நாமே முடிவு செய்யலாம். அம்மா மகளிர் சுயஉதவிக் குழுவில் உறுப்பினர். குழுவின் சேமிப்பிலிருந்து கொடுக்கும் உள்கடனுக்கு அந்தக் குழுவில் ஒரு வட்டி, அதாவது 100-க்கு மாதம் 1 ரூபாய். ஆனால் கேட்ட அன்றே கிடைக்காது. கூட்டத்தில் சொல்லி, யாருக்கு முதலில் என்று பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். முதல் ஆண்டில் இது கைகொடுக்காமல் போனதற்குக் காரணம், பணம் நாளை வேண்டும் என்ற நிலையில் நினைவுக்கு வந்ததுதான். இந்த முறை நவம்பர் கூட்டத்திலேயே அம்மா சொல்லி வைத்தார்: ஜனவரியில் 6,000 வேண்டும், மகளின் படிப்புக்கு, மாதம் வட்டி கட்டிவிடுகிறேன், அசலை ஜூனுக்குள் தருகிறேன். குழுவும் ஒப்புக்கொண்டது. எல்லாக் குழுவிலும் அசலைத் தள்ளி வைக்கச் சம்மதிக்க மாட்டார்கள். மாதத் தவணை கேட்கிற குழுவாக இருந்தால் அந்தத் தவணையையும் நோட்டில் செலவாக எழுதிப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

மாத வட்டி 60 ரூபாய். ஜனவரியில் 7,000, மார்ச்சில் 2,000, ஏப்ரலில் 1,000 என்று நான்காம் பருவக் கட்டணம் முடிந்தது.

வராமலே போகக்கூடிய 6,000

பீடித் தொழிலாளர் உதவித்தொகைக்கு முதல் ஆண்டிலும் விண்ணப்பித்திருந்தாள். பணம் வரவில்லை. "கவர்மென்ட் பணம், எப்பவாவது வரும்" என்று வீட்டில் காத்திருந்தார்கள். தேசிய உதவித்தொகைத் தளமான scholarships.gov.in-இல் அவள் கணக்கைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, விண்ணப்பம் குறை சுட்டித் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறது, திருத்தும் தேதியும் முடிந்துவிட்டது. அம்மாவின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து. பழைய அட்டைகளில் இது சாதாரணமாக நடப்பது.

இந்த விண்ணப்பம் பல கை மாறும். மாணவி பதிந்ததும் முதலில் கல்லூரியின் பொறுப்பு அலுவலர் தளத்தில் சரிபார்க்க வேண்டும், அப்புறம் தொழிலாளர் நல அலுவலகம் பார்க்கும். எங்கே நின்றாலும் வீட்டுக்குக் கடிதம் வராது. நாமே உள்ளே போய் நிலையைப் பார்க்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் ஜூலையிலேயே அட்டையின் பெயரைத் திருத்தும் வேலையைத் தொடங்கினார்கள். தளம் திறந்த வாரத்திலேயே விண்ணப்பித்தாள். அச்செடுத்த படிவத்தைச் சான்றுகளோடு அலுவலகத்தில் கொடுத்து, கல்லூரி தன் பங்குக்குச் சரிபார்த்துவிட்டதா என்று பத்து நாள் கழித்துத் தளத்தில் பார்த்தாள். படிவத்தில் வேறு உதவித்தொகை வாங்குகிறீர்களா என்று கேட்கும் இடத்தில் உள்ளதை எழுத வேண்டும். மறைத்தால் பிறகு நிறுத்திவிடுவார்கள்.

இன்னொரு இடறல் வங்கிக் கணக்கில். இந்தப் பணம் ஆதாரோடு இணைந்த கணக்குக்குத்தான் போகும். இரண்டு கணக்கு இருந்தால், கடைசியாக எந்த வங்கியில் உதவித்தொகைக்கென்று ஆதாரை இணைத்தோமோ அங்கே போகும், விண்ணப்பத்தில் எழுதிய எண்ணுக்குப் போகாது. பள்ளியில் தொடங்கிய பழைய கணக்கில் பணம் விழுந்து கிடக்க, "வரவே இல்லை" என்று அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வங்கிக்குப் போய், எந்தக் கணக்கு இணைந்திருக்கிறது என்று ஒரு முறை கேட்டுவிட்டால் போதும்.

புத்தகம்

புத்தகத்தில் மிச்சம் பிடிக்கலாம் என்று சொல்வது ஆசிரியையான எனக்குச் சுலபமாக வருவதில்லை. ஆனால் இந்தக் கணக்கில் அவள் புத்தகத்துக்கு எழுதிய 1,100-இல் 820 தான் செலவானது, படிப்பிலும் குறை வரவில்லை.

காரணம், பருவம் தொடங்கி மூன்று வாரம் எதையும் வாங்காமல் இருந்தது. பாடத்திட்டத்தின் அடியில் ஒவ்வொரு தாளுக்கும் ஐந்தாறு நூல்கள் போட்டிருப்போம். ஆசிரியர் உண்மையில் எதை வைத்து நடத்துகிறார், ஐந்து அலகில் எத்தனை அலகு அதில் இருக்கிறது என்பது மூன்று வாரத்தில் தெரிந்துவிடும். இயற்பியல் வேதியியலுக்கு ஒரு புத்தகம் இரண்டு பருவத்துக்கும் வேண்டும், கணக்குகள் போட்டுப் பார்க்க எப்போதும் கையில் இருக்க வேண்டும். அதைச் சீனியரிடம் 300 ரூபாய்க்கு வாங்கினாள். துணைப்பாடத்துக்கு நூலகப் புத்தகமே போதுமானதாக இருந்தது. கனிம வேதியியலில் ஒரு கனத்த புத்தகத்திலிருந்து ஒன்றரை அலகு மட்டும் வேண்டியிருந்தது, சுமார் 90 பக்கம். அந்த அத்தியாயங்களை மட்டும் நகலெடுத்துக்கொண்டாள்.

முழுப் புத்தகத்தையும் ஜெராக்ஸ் எடுத்துவிடலாம் என்று தோழிகள் சொன்னார்கள். 640 பக்கம், பக்கத்துக்கு 1 ரூபாய், பைண்டிங் 40 என்றால் 680 ரூபாய். புதுப் புத்தகத்தின் விலை 550. கணக்குப் போட்டுப் பார்க்காமல் ஆண்டுதோறும் பல பேர் இப்படி எடுக்கிறார்கள். பாடத்துக்குத் தேவையான பகுதிகளை நகலெடுப்பது தவறோ என்ற தயக்கம் சிலருக்கு உண்டு. டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம், கற்பித்தலுக்காகப் புத்தகப் பகுதிகளைத் தொகுத்து நகலெடுப்பது பதிப்புரிமைச் சட்டத்தின் விதிவிலக்குக்குள் வரும் என்று சொன்னது. முழுப் புத்தகத்தை அப்படியே நகலெடுத்து விற்பது வேறு விஷயம்.

மூன்று தோழிகள் ஆளுக்கொரு புத்தகம் வாங்கிச் சுற்றில் படிப்பதையும் முயன்றார்கள். பருவ நடுவில் நன்றாகவே நடந்தது. தேர்வுக்கு முந்தின நாள் மூன்று பேருக்கும் ஒரே புத்தகம் வேண்டும். அதனால் பகிர்கிற புத்தகத்திலிருந்து அவரவர் குறிப்பைத் தேர்வுக்குப் பத்து நாள் முன்பே எழுதி முடிப்பது என்று வைத்துக்கொண்டார்கள்.

பிரிண்ட்

கணக்கில் மீறிய ஒரே தலைப்பு இதுதான். ஆகஸ்டுக்கு 100 ரூபாய் என்று எழுதியிருந்தோம், 240 ஆனது. அவள் நோட்டில் தேதியும் பக்கமும் காரணமும் எழுதி வைத்திருந்ததால் எங்கே போனது என்று பார்க்க முடிந்தது. அசைன்மென்ட், ரெக்கார்டு படங்களுக்கு 80 ரூபாய்தான் ஆனது. மீதி முழுதும் உள்மதிப்பீட்டுத் தேர்வுக்கு முந்தின இரவு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்த நோட்ஸ். யாரோ போனில் படம்பிடித்து பி.டி.எஃப். ஆக்கிய 80 பக்கம். காலையில் கல்லூரி வாசல் கடையில் எல்லோரும் வரிசையில் நின்று எடுக்கிறார்கள். அந்த நேரத்தில் அங்கே பக்கம் 2 ரூபாய். கடைவீதியில் 1 ரூபாய்தான். அந்த 80 பக்கத்தில் அவள் தேர்வுக்கு முன் புரட்டியது பத்துப் பக்கம்.

அதற்குப் பிறகு எதை அச்செடுப்பது என்பதைச் சுருக்கிக்கொண்டாள். கொடுத்தே ஆக வேண்டியது, கையோடு கொண்டுபோக வேண்டியது, எழுதிப் பழக வேண்டியது. மற்றதெல்லாம் போனில். எழுதிப் பழக வேண்டியது என்று நான் சொல்வது பழைய வினாத்தாள்களை. நூலகத்தில் ஐந்தாண்டு வினாத்தாள் கட்டு இருக்கிறது. ஒரு தாளுக்குப் பத்துப் பன்னிரண்டு பக்கம் ஆகும். இதில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்று சொன்னேன். அரியர் கணிதத் தாளுக்கு அதை வைத்துத்தான் தயாரானாள், நவம்பரில் தேறிவிட்டாள்.

வீட்டில் இருப்பது ஒரே ஸ்மார்ட்போன், மாலையில் தம்பிக்கும் வேண்டும். அதனால் "போனில் படி" என்பது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. அவள் நீளமான நோட்ஸை ஒரு தாளில் இரண்டு பக்கம் வருமாறு, முன்னும் பின்னும், வாரத்துக்கு ஒரு முறை கடைவீதியில் எடுத்தாள். இருட்டாகப் படம்பிடித்த பக்கங்களை முதலில் போனிலேயே கறுப்பு வெள்ளையாக மாற்றினாள். இல்லாவிட்டால் அச்சில் எழுத்து தெரியாமல் மறுபடி எடுக்க வேண்டி வருகிறது. ஆண்டு முடிவில் பிரிண்ட் 1,560 ஆனது. போட்டதைவிட 160 கூடுதல், அதில் 140 அந்த ஆகஸ்டில் போனது.

கணக்கு முடிந்தபோது

பிப்ரவரியில் ஒரு பியூரெட் உடைந்து 180 ரூபாய் கட்டினாள். அது முதலிலேயே எழுதிவைத்த 300-க்குள் அடங்கிவிட்டது. ஏப்ரல் கடைசியில், மூன்று மாத வட்டியும் போக, கணக்கில் 120 ரூபாய் இருந்தது. குழுக் கடன் 6,000 அப்படியே நின்றது. மே கடைசி வாரம் பீடித் தொழிலாளர் உதவித்தொகை வந்தது. ஜூன் கூட்டத்தில் அசலைக் கட்டினார்கள். கடனுக்கு மொத்த வட்டி 300 ரூபாய்.

இந்தத் திட்டம் எங்கே உடையும் என்பதையும் சொல்ல வேண்டும். இதில் ஆபத்துக்கென்று ஒரு ரூபாயும் ஒதுக்கவில்லை, ஒதுக்க இல்லை. அப்பா சாரத்திலிருந்து விழுந்து ஒரு மாதம் படுத்திருந்தால் மே, ஜூன் பணம் வந்திருக்காது, ஜூலைத் தவணையே தவறியிருக்கும். உதவித்தொகை வராமல் போயிருந்தால் குழுக் கடனை மே, ஜூன் சேமிப்பிலிருந்து அடைக்க வேண்டியிருக்கும், மூன்றாம் ஆண்டு முதல் தவணைக்கு ஜூலையில் வரும் 2,000 ரூபாய்தான் மிஞ்சும். உடல்நலமில்லாமலோ வேலைக்குப் போயோ வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால், தேர்வெழுதத் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டி வரும். தேர்வுக்கு ஒதுக்கிய பணம் அதில் போய்விடும். அதனால் அவள் வருகைப் பதிவையும் அதே நோட்டின் மேல் மூலையில் மாதம் ஒருமுறை எழுதி வந்தாள்.

மூன்றாம் ஆண்டு நோட்டை மே முதல் வாரமே தொடங்கிவிட்டாள். புதிதாக இரண்டு வரி சேர்ந்திருக்கிறது. ஆறாம் பருவத்தில் புராஜெக்ட் அறிக்கை: நான்கு பேர் குழு, கல்லூரிக்கும் வழிகாட்டிக்கும் ஆளுக்கொன்றுமாக ஆறு பிரதி, கலர்ப் பக்கங்கள், கெட்டி அட்டை பைண்டிங், ஆளுக்கு 500 ரூபாய் வரை. அப்புறம் கடைசிப் பருவத் தேர்வுக் கட்டணத்தோடு சேர்த்துக் கேட்கும் பட்டச் சான்றிதழ்க் கட்டணம். இரண்டும் மார்ச் பக்கத்தில் எழுதியிருக்கிறாள். அந்தப் பக்கத்தில் மிச்சம் இப்போதே குறைவாக வருகிறது, அதனால் பிப்ரவரித் தவணையை 1,000 குறைத்துக் கேட்டு ஜூன் கடிதத்தில் எழுதப் போகிறோம்.